98 சதவீதமும் ஒரு ஃபில்டர் பேப்பரும்

பிஎச்.டி. நேர்காணலுக்குப் போகும்போது நான் ஒரே ஒரு எண்ணைத்தான் நம்பியிருந்தேன்: 98 சதவீதம். எம்.எஸ்சி. புராஜெக்டில் நிலக்கடலை ஓட்டைக் கரியாக்கி, தண்ணீரில் கரைந்திருந்த மெத்திலீன் புளூ சாயத்தில் 98 சதவீதத்தை நீக்கியிருந்தேன். அதே கரியைக் கொண்டு பருத்தித் துணிச் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்வதுதான் நான் எழுதிக் கொடுத்திருந்த ஆய்வுத் தலைப்பு.

குழுவில் மூன்று பேர். தலைப்பைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்று நினைத்துத் தயாராகியிருந்தேன். ஆனால் மூத்த பேராசிரியர் புராஜெக்ட் அறிக்கையைத் திறந்து, “கரி எவ்வளவு போட்டீங்க?” என்றார்.

50 மில்லி கரைசல், லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம், 0.2 கிராம் கரி என்று சொன்னேன். “அப்போ ஒரு கிராம் கரி எவ்வளவு பிடிச்சிருக்கு? போர்டுல போட்டுக் காட்டுங்க.” கரைசலில் இருந்த மொத்தச் சாயமே 2.5 மில்லிகிராம்தான். அதில் 98 சதவீதம் என்றால் 2.45. அதை 0.2-ஆல் வகுத்தால் கிராமுக்கு 12.25 மில்லிகிராம் வருகிறது. நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் இதே சாயத்தை கிராமுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் பிடிக்கும். போர்டில் எழுதியதைப் பார்த்ததும் எனக்கே தொண்டை அடைத்தது.

“கரியை அள்ளிப் போட்டா எந்தக் கரியும் 98 காட்டும்” என்றார். குரலில் ஏளனம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சார், 12.25 என்பது கரியின் உச்ச அளவு இல்லை. சாயம் தீர்ந்ததால் அங்கேயே நின்றிருக்கிறது. சாயத்தின் செறிவைக் கூட்டிக்கொண்டே போய், கரி நிரம்பும் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை” என்றேன். அவர் தலையசைத்தார். அந்த நாளில் நான் சொன்ன நல்ல பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து மேடம் கேட்டது எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி. “கரியை எப்படிப் பிரிச்சீங்க?” ஃபில்டர் பேப்பரில் வடிகட்டி, வடிந்த நீரில் மிஞ்சிய சாயத்தை 664 நானோமீட்டர் ஒளியில் அளந்தேன் என்றேன். “கரியே போடாம, வெறும் சாயக் கரைசலை அந்தப் பேப்பர்ல ஊத்திப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. மெத்திலீன் புளூ நேர்மின்சுமை கொண்ட சாயம், செல்லுலோஸில் ஒட்டிக்கொள்ளும். பேப்பர் நீலமாவதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்தும், அதைக் கரித்தூளோடு வந்த கறை என்றே எடுத்துக்கொண்டேன். என் 98-இல் கரியின் பங்கு எவ்வளவு, பேப்பரின் பங்கு எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை அப்படியே ஒப்புக்கொண்டேன். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிரித்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

அதன் பிறகுதான் தலைப்புக்கு வந்தார்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயங்களைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அவை எதிர்மின்சுமை கொண்டவை. அந்தக் கழிவுநீரில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். காரநீரில் என் கரியின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்சுமையோடுதான் இருக்கும். “மெத்திலீன் புளூவை இழுத்த அதே குணம் இந்தச் சாயத்தைத் தள்ளிவிடாதா?” என்றார் மேடம். உப்பு கரியில் இடம் பிடித்துப் போட்டி போடும் என்று ஆரம்பித்தேன். “அது உங்க பழைய சாயத்துக்கு. இங்கே உப்பு அந்தத் தள்ளலைத் தணிக்கவும் செய்யலாம்” என்று திருத்தினார். புராஜெக்ட் முடிவை அப்படியே தூக்கித் தலைப்பில் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியாக, “சேர்ந்தா முதல் மூணு மாசம் என்ன செய்வீங்க?” என்றார்கள். எழுதி வைத்திருந்த காலஅட்டவணையைச் சொல்ல மனம் வரவில்லை. எந்த பி.எச். அளவில் கரியின் மேற்பரப்பு மின்சுமை பூஜ்யமாகிறது என்று முதலில் அளப்பேன். ஒரே ஒரு ரியாக்டிவ் சாயத்தை எடுத்து, உப்பில்லாமலும் உப்போடும் பார்ப்பேன். கரி அதைப் பிடிக்கவில்லை என்றால் மேற்பரப்பை மாற்றும் வழியைத் தேடுவேன், உண்மைக் கழிவுநீரை அதற்குப் பிறகே தொடுவேன் என்றேன். மூத்தவர் என் தலைப்பில் ‘கழிவுநீர்’ என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

தேர்வுப் பட்டியலில் என் பெயர் வந்தது. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம், கரி எதுவும் போடாமல் நீலக் கரைசலை ஒரு ஃபில்டர் பேப்பரில் ஊற்றினேன். பேப்பர் நீலமானது, கீழே வடிந்த நீர் கண்ணுக்கே தெரியும்படி வெளிறியிருந்தது.