கோல்ட் ஃபீட்டுக்குத் தமிழில் கால் கிடையாது

‘கீப் அன் ஐ ஆன் தி பேபி’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் ‘குழந்தை மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ’ என்பது கச்சிதம். அந்த ‘ஒரு’வையும் ‘வெச்சுக்கோ’வில் இருக்கும் ‘கொள்’ளையும் விட்டுவிடாதீர்கள். ‘குழந்தை மேல கண்ணு வெச்சுட்டா’ என்றால் அது கண்ணேறு. பாட்டி சுத்திப்போட உப்பும் மிளகாயும் எடுத்துவிடுவார். நகை மேல் கண் வைத்தால் ஆசை.

‘கோல்ட் ஃபீட்’ என்பது ஒப்புக்கொண்ட பிறகு கடைசி நேரத்தில் வரும் பயம். கால் சில்லிட்டது என்று எழுதினால் யாருக்கும் புரியாது. நமக்கு அந்தப் பயம் வயிற்றில்தான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை கலங்கினால் ‘வயித்துல புளியக் கரைக்குது’. பயந்து விலகியே விட்டால் ‘ஜகா வாங்கிட்டான்’. ‘காலை வாரிட்டான்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு, அது நம்பியவரைக் கவிழ்ப்பது, அதில் பயமே இல்லை.