காலை எடுக்க வேண்டாம் என்ற அம்மா: பயிற்சி மருத்துவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவின் கேஸ் ஷீட்டை நெறிமுறைக் குழுவில் பார்த்து முடித்துவிட்டோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கச் சொன்ன சர்ஜனின் முடிவில் தவறில்லை. இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன, பாதத்தில் சீழ், காய்ச்சல். தவறு அதற்குப் பிறகுதான். படிக்கும்போது வருத்தமாக இருந்தது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒப்புதல் படிவத்தில் மகனின் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அம்மாவின் கைநாட்டு இல்லை. தெளிவான நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளிக்காக வேறு யாரும் சம்மதிக்க முடியாது, பெற்ற மகனானாலும் சரி. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மகள் மயக்க மருந்தில் இருந்தபோது தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது தீர்ப்பு. நம் வார்டுகளில் இன்றும் "அட்டெண்டர் யாரு, கையெழுத்துப் போடுங்க" என்றுதான் கேட்கிறோம்.

அந்த அம்மாவின் வீட்டுமொழி தெலுங்கு. தமிழ் கொஞ்சம் புரியும். நீங்கள் சொன்னதையெல்லாம் மகன்தான் மொழிபெயர்த்திருக்கிறார். புண்ணைச் சுத்தம் பண்ணப் போகிறார்கள் என்றுதான் அவர் தாயிடம் சொன்னாராம். பயந்துவிடுவார் என்று மறைத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து நோயாளிகளுக்குத் தெலுங்கோ கன்னடமோ தெரிந்த ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்கள். சொந்தக்காரர்களை வைத்து இந்தப் பேச்சை முடிக்காதீர்கள். சொல்லி முடித்ததும், "நாங்க என்ன பண்ணப் போறோம்னு உங்க வாயால சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். இங்கே அதைக் கேட்டிருந்தால் விஷயம் முதல் நாளே தெரிந்திருக்கும். அவர் தியேட்டர் வாசலில் ட்ராலியைப் பிடித்துக்கொண்டு அழும் நிலை வந்திருக்காது.

அடுத்தது உங்கள் குறிப்பு: "நோயாளி குழப்பத்தில் இருக்கிறார், மறுப்பை ஏற்க இயலாது." இதற்கு ஆதாரம் தேடினோம். சர்க்கரை சார்ட் ஃபைலில் இல்லை, வார்டில் தனியாகக் கிடந்தது. நீங்கள் குறிப்பு எழுதிய அதே நேரத்தில் அவருக்குச் சர்க்கரை 54. அறுவைக்காக வெறும் வயிற்றில் வைத்திருந்தும் காலை இன்சுலினைப் போட்டிருக்கிறார்கள். 54-ல் குழப்பம் வரலாம். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றி, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையை மறுபடி பார்த்து, தலை தெளிந்த பிறகு பேசியிருக்க வேண்டும். காய்ச்சலில் வரும் குழப்பமும் ஏறி இறங்கும். ஒரு நேரம் பிதற்றியவர் சில மணி நேரம் கழித்துத் தெளிவாகப் பேசலாம். அவசரமில்லை என்றால் அந்தத் தெளிவான நேரத்துக்குக் காத்திருங்கள்.

டாக்டர் சொன்னதை மறுப்பது மட்டுமே குழப்பத்துக்கு அடையாளம் ஆகாது. சொன்னது புரிந்ததா, நினைவில் நிற்கிறதா, இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்க்கிறாரா, முடிவைச் சொல்ல முடிகிறதா என்று நாலையும் பாருங்கள். சர்க்கரை ஏறிய பின் நர்ஸ் தெலுங்கில் பேசியபோது அந்த அம்மா தெளிவாகவே பதில் சொன்னார்: "காலை எடுக்கலேன்னா விஷம் ஏறிச் செத்துப்போவேன்னு தெரியும். எடுத்தா மகன் வீட்டுத் திண்ணையில கிடக்கணும். அது எனக்கு வேணாம்." நாலும் இதில் இருக்கிறது. நமக்குப் பிடிக்காத முடிவுதான், ஆனாலும் அது அவருடைய முடிவு.

என்னை மிகவும் வருத்தியது கடைசிப் பக்கம். மறுத்தவுடன், மருத்துவர் அறிவுரையை மீறிப் போகிறோம் என்று எழுதி வாங்கும் ஏ.எம்.ஏ. தாளில் மகனிடம் கையெழுத்து வாங்கி, ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி, வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்றது கால் எடுப்பதை மட்டும். ஊசியை வேண்டாம் என்றாரா, டிரெஸ்ஸிங்கை வேண்டாம் என்றாரா? யாரும் கேட்கவில்லை. பிறகு நர்ஸ் கேட்டபோது, சீழை வெட்டி வடிக்கவும் செத்த விரல்களை மட்டும் எடுக்கவும் ஒத்துக்கொண்டார். காலை எடுப்பதற்கு இது ஈடாகாது, நோய் மேலே ஏறலாம் என்பதையும் அவரிடம் சொல்லியாகிவிட்டது. முதல் நாளே கேட்டிருந்தால் அத்தனை மணி நேரம் சீழ் உள்ளேயே நின்றிருக்காது.

கேஸ் ஷீட்டில் இன்றே சேர்க்க வேண்டியவை: எந்தச் சிகிச்சையை மறுத்தார், எதை ஏற்றார், என்ன ஆபத்து சொல்லப்பட்டது, எந்த மொழியில் யார் சொன்னார், அப்போது சர்க்கரை எவ்வளவு. அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். கீழே அவருடைய கைநாட்டு, நர்ஸின் சாட்சிக் கையெழுத்து, நேரம். பழைய குறிப்பை அடிக்காதீர்கள், இன்றைய தேதி போட்டுப் புதிதாக எழுதுங்கள். எப்போது மனம் மாறினாலும் அறுவை செய்து தரப்படும் என்ற வரியும் இருக்கட்டும், அதை அவரிடமும் தெலுங்கில் சொல்லச் சொல்லுங்கள்.

மகனைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். தாயைக் கைவிட்டதாக ஊரில் பேசுவார்களே என்று பயப்படுகிறார். டிரெஸ்ஸிங் எப்படி மாற்றுவது, காய்ச்சலோ நடுக்கமோ பிதற்றலோ வந்தால் உடனே கூட்டி வருவது என்று சொல்லிக் கொடுங்கள். நாளை காலை ரவுண்ட்ஸுக்கு முன் அந்த நர்ஸையும் கூட்டிக்கொண்டு கட்டிலருகே வாருங்கள், நானும் வருகிறேன்.