மதிப்பெண் போட்டுப் பார்த்த பிறகே திறந்தோம்: ஒரு மருத்துவமனை சாட்பாட்டைச் சோதித்த அனுபவம்

சில கிளைகள் கொண்ட ஒரு மருத்துவமனையின் ஆய்வகப் பிரிவுக்காக, ரத்தப் பரிசோதனைக்கு எப்படித் தயாராக வர வேண்டும் என்று தமிழில் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றை உருவாக்கினோம். மருத்துவமனையின் அறிவுறுத்தல் தாள்களிலிருந்து பொருத்தமான பகுதியைத் தேடி எடுத்து, அதைக் கொண்டு பதில் எழுதுவதே அதன் வேலை. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முன் அதைச் சோதிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கேள்விகளை நாங்களாக உட்கார்ந்து எழுதவில்லை. வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தை மாறாமல் குறித்துத் தரும்படி அங்கிருந்த ஊழியர்களைக் கேட்டுக்கொண்டோம். அப்படிச் சேர்ந்த 120 கேள்விகளில் ஏறத்தாழ பாதிக்குத் தாள்களிலேயே விடை இருந்தது. மீதியில் ஒரு பகுதிக்குத் தாள்களில் விடையே இல்லை. மற்றொரு பகுதி, மருத்துவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இந்தக் கடைசி இரண்டு வகைகளைச் சேர்க்காமல் சோதித்திருந்தால் மதிப்பெண் அழகாக வந்திருக்கும், ஆனால் எதையும் காட்டியிருக்காது.

ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, பதிலில் கட்டாயம் இருக்க வேண்டியது எது, ஒருபோதும் இருக்கக் கூடாதது எது என்று சாட்பாட்டிடம் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்தோம். வரவேற்புப் பிரிவு ஊழியர் ஒருவரும் ஆய்வக நுட்பர் ஒருவரும், ஒருவர் போட்ட மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல், 0, 1, 2 என்று மதிப்பிட்டார்கள். ஒரே கேள்விக்கு சாட்பாட் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லும் என்பதால், ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டு, மூன்றில் குறைந்த மதிப்பெண்ணையே கணக்கில் கொண்டோம்.

முதல் சுற்றிலேயே இருவருக்கும் ஒத்துவராத இடங்கள் தெரிந்தன. வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும் என்ற பதிலுக்கு ஊழியர் 2 கொடுக்க, நுட்பர் 1 மட்டுமே கொடுத்தார். தண்ணீர் குடிக்கலாம் என்பது பதிலில் இல்லை. தண்ணீரும் குடிக்காமல் வருபவர்களுக்கு நரம்பு பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது ஊசி போடுபவருக்குத்தானே தெரியும். அன்றே அது 'கட்டாயம் இருக்க வேண்டியது' பட்டியலில் சேர்ந்தது.

வேறொரு கேள்வி, "மூணு மாச சுகர் டெஸ்டுக்கு சாப்பிடாம வரணுமா?" என்பது. எச்பிஏ1சி பரிசோதனையைத்தான் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குப் பட்டினி தேவையில்லை. சாட்பாட்டோ எட்டு மணி நேரம் என்றது. அது தேடி எடுத்த பகுதியைத் திறந்து பார்த்தபோது, வெறும் வயிற்றுப் பரிசோதனைத் தாள் அங்கே இருந்தது. எடுத்த தாளைச் சரியாகத்தான் படித்திருக்கிறது, எடுத்த தாள்தான் தவறு. எனவே பதில் எழுதும் விதிகளைத் தொடாமல், சரியான தாளின் தலைப்பில் மக்கள் வழங்கும் பெயரையும் சேர்த்தோம், சரியாகிவிட்டது. மதிப்பெண்ணுடன், எடுத்த பகுதியையும் பதிவு செய்யாவிட்டால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

எங்களை நிறுத்தி வைத்தது இன்சுலின் கேள்வி. "அம்மாவுக்குக் காலையில இன்சுலின் போட்டுட்டு வெறும் வயித்துல கூட்டிட்டு வரலாமா?" என்பதற்கு, வரலாம், எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது. எட்டு மணி நேரம் என்பது தாளில் உள்ளதுதான். ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது மொத்தச் சராசரி 2-க்கு 1.7 இருந்தது, நிர்வாகத்தில் சிலருக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது. சராசரி எவ்வளவு இருந்தாலும், 'இருக்கக் கூடாதது' ஒரு பதிலில் வந்தாலும் திறப்பதில்லை என்ற விதியை அன்று எழுத்தில் வாங்கினேன்.

மருந்து என்ற பேச்சு வந்தாலே மருத்துவரைக் கேட்கச் சொல் என்று சாட்பாட்டுக்குக் கொடுத்த அறிவுறுத்தலை மாற்றியதும், "மருந்துச் சீட்டு கொண்டு வரணுமா?" என்ற சாதாரணக் கேள்விக்கும் அது மருத்துவரைக் கேளுங்கள் என்றது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் 120 கேள்விகளையும் மீண்டும் ஓட்டினோம். இறுதியில் இன்சுலின், மாத்திரையை நிறுத்துவது போன்றவற்றைப் பதில் எழுதும் கட்டத்துக்கே விடாமல், முன்கூட்டியே எழுதிய ஒரே பதிலும் தொலைபேசி எண்ணும் போகும்படி செய்தோம். திருத்தும்போது பார்க்காமல் தனியே ஒதுக்கி வைத்திருந்த வேறு சில கேள்விகளிலும் அது சரியாகவே வேலை செய்தது.

கொழுப்புப் பரிசோதனை மட்டும் அப்போதும் தேறவில்லை. மூன்று முறை கேட்டால் ஒருமுறை பத்து மணி நேரம், மற்ற முறைகளில் பன்னிரண்டு என்றது. தேடிப் பார்த்தால் இரண்டு கிளைகளின் தாள்களிலேயே அப்படித்தான் இரண்டு விதமாக இருந்தது. இதைச் சாட்பாட்டில் திருத்த முடியாது. ஆய்வகத் தலைவர் ஒரே தாளாக்கிக் கையெழுத்திட்டுத் தரும்வரை அந்தப் பரிசோதனையை மட்டும் மூடி வைத்து, மற்றவற்றைத் திறந்தோம்.