ஆஃப், டூ, வித், பை: ரஷ்யன் விகுதியைத் தமிழ் வேற்றுமை வழியாகப் பிடிப்பது

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் ஆங்கிலத் தாள்களை ரஷ்யனுக்கு மாற்றுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது மாம்பழச் சொற்களில் அல்ல. ஆஃப், டூ, வித், பை என்ற நான்கு சின்னச் சொற்களில்தான். அகராதியைத் திறந்தால் வித் என்பதற்கு 'ஸ்' (с) என்றும், டூ என்பதற்கு 'க்' (к) என்றும் இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் பாதி வாக்கியம் தவறாகிவிடும். ரஷ்யனில் முன்னால் நிற்கும் சொல்லைவிடப் பெயரின் கடைசி விகுதிக்கு வேலை அதிகம். பல இடங்களில் முன்சொல்லே வராது, விகுதி மட்டும் வரும்.

நாங்கள் கைக்கொள்ளும் வழி இது: ஆங்கிலத் தொடரை நேராக ரஷ்யனுக்குக் கொண்டுபோவதில்லை. ஒரு தடவை பேச்சுத்தமிழில் சொல்லிப் பார்த்து, எந்த உருபு வருகிறது என்று குறித்துக்கொள்கிறோம். அதன் பிறகுதான் ரஷ்யன்.

இது நன்றாக வேலை செய்யும் இடம் மூன்றாம் வேற்றுமை. பள்ளி இலக்கணத்தில் இதற்கு மூன்று பொருள் படித்திருப்போம்: கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. ரஷ்யனின் கருவி வேற்றுமையும் இந்த மூன்றையும் தாங்குகிறது. தமிழில் 'ஆல்' வந்தால் ரஷ்யனில் முன்சொல் இல்லாமல் விகுதி மட்டும். தமிழில் 'ஓடு' அல்லது 'உடன்' வந்தால் 'ஸ்' முன்சொல்லும் வேண்டும், அதே விகுதியும் வேண்டும். கத்தியால் வெட்டினால் 'நொஷோம்', பாலோடு டீ என்றால் 'ச்சாய் ஸ் மலகோம்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வித் ஒன்றே, அதனால் அங்கே வித்தியாசம் தெரியாது. தமிழில் தானாகவே தெரிகிறது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பார்ப்போம். 'பல்ப் ஆஃப் மேங்கோ வித் ஷுகர், பேக்டு பை தி மேனுஃபேக்சரர், ஈஸ் ஷிப்டு பை சீ டூ தி வேர்ஹவுஸ் ஆஃப் தி பையர்.' ஒரே வாக்கியத்தில் ஆஃப் இரண்டு, பை இரண்டு, வித் ஒன்று, டூ ஒன்று. தமிழில் அது 'சர்க்கரையோடு சேர்ந்த மாங்கூழ், தயாரிப்பாளரால் பேக் செய்யப்பட்டது, கப்பல் மூலம், வாங்குபவரின் கிடங்குக்குப் போகிறது' என்று வரும். ரஷ்யன் வடிவம்:

```
Пюре из манго с сахаром, упакованное изготовителем,
отправляется морем на склад покупателя.
```

சர்க்கரையோடு என்பது உடனிகழ்ச்சி, ஆகவே 'ஸ் சாஹரம்'. தயாரிப்பாளரால் என்பது கருத்தா, ஆகவே வெறும் 'இஸ்கதவீத்யெல்யெம்'. இங்கே பழக்கதோஷத்தில் 'ஸ்' சேர்த்தால் தயாரிப்பாளரையும் கூழோடு சேர்த்து டப்பாவில் அடைத்ததாகப் பொருள் வரும். கப்பல் மூலம் என்ற 'மூலம்', ஆல் உருபின் இன்னொரு முகம்தான், அதனால் 'மோர்யெம்'. மெய்யில் முடியும் ஆண்பால் பெயருக்கு 'ஓம்', மென்மைக் குறியான ь-இல் முடியும் ஆண்பால் பெயருக்கு 'யெம்', 'ஆ'வில் முடியும் பெண்பால் பெயருக்கு 'ஓய்': கருவி வேற்றுமை ஒருமைக்கு இவ்வளவு தெரிந்தால் தாளில் வரும் பெரும்பாலான சொற்களுக்குப் போதும்.

பாகு ஊற்றிய மாம்பழத் துண்டு டப்பா என்றால் இதே சோதனை இன்னும் கவனமாக வேண்டும். டப்பாக்கள் பாகால் நிரப்பப்படுகின்றன, ஆகவே 'சிரோபம்' மட்டும்.

```
Банки заполняют сиропом.
```

இதில் с சேர்த்து 'பான்கி ஸ் சிரோபம்' என்று எழுதினால், ஏற்கெனவே பாகு உள்ள டப்பாக்களில் வேறெதையோ நிரப்புகிறார்கள் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. முதலாவது 'மாங்கூழ்' என்ற சொல்லே. அது தொகைச்சொல், உருபு மறைந்திருக்கிறது. விரித்தால் 'மாம்பழத்தால் ஆன கூழ்' என்று ஆல் வரும். ஆனால் எதிலிருந்து செய்தது என்ற பொருளுக்கு ரஷ்யன் 'இஸ்' (из) முன்சொல்லையும் ஆறாம் வேற்றுமை விகுதியையும் கேட்கிறது. செய்பொருளைச் சொல்லும் 'ஆல்' உருபையும் கருவியைச் சொல்லும் 'ஆல்' உருபையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். வாங்குபவரின் கிடங்கு என்ற உடைமைக்கு முன்சொல் வேண்டாம். ஆறாம் வேற்றுமை போதும், ஆனால் உடையவர் பின்னால் நிற்பார்: 'ஸ்கிளாத் பக்குப்பாத்யெல்யா'.

இரண்டாவது, நான்காம் வேற்றுமை. தமிழில் ஆளுக்கு அனுப்பினாலும் கு, கிடங்குக்கு அனுப்பினாலும் கு. ரஷ்யனில் பெறுபவர் ஆள் என்றால் முன்சொல் இல்லாத கொடை வேற்றுமை: 'பக்குப்பாத்யெல்யூ'. இடம் என்றால் 'வ்' அல்லது 'ந' முன்சொல்லோடு இரண்டாம் வேற்றுமை: மாஸ்கோவுக்கு 'வ் மஸ்க்வூ', கிடங்குக்கு 'ந ஸ்கிளாத்'. 'க் ஸ்கிளாது' என்று எழுதினால் கிடங்கு வாசல்வரை போய் நின்றதாகத்தான் ஆகும். ஆள் விஷயத்தில் ஒரே எழுத்து எவ்வளவு மாற்றிவிடுகிறது என்று பாருங்கள்:

```
отправить покупателю
отправить покупателя
```

முதல் வரி வாங்குபவருக்குச் சரக்கை அனுப்புவது. இரண்டாவது வாங்குபவரையே எங்கோ அனுப்பிவிடுவது. இரண்டுமே இலக்கணப்படி சரி என்பதால் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இதைக் காட்டிக்கொடுக்காது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, சொல்லே தனக்கென்று ஒரு வேற்றுமையைக் கேட்பது. தரத்தில் திருப்தி என்று நாம் 'இல்' போடுகிறோம், ஆங்கிலம் வித் போடுகிறது, ரஷ்யன் 'தவோலென் காச்செஸ்த்வம்' என்று முன்சொல் இல்லாத கருவி வேற்றுமை போடுகிறது. நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்றால் 'சக்லாசென் ஸ் உஸ்லோவியமி', அங்கே 'ஸ்' கட்டாயம். இதை ஊகித்துப் பயனில்லை. நல்ல ரஷ்ய அகராதியில் வினைக்கும் பெயரடைக்கும் பக்கத்தில் 'கெம்', 'ச்செம்', 'கமூ', 'ஸ் கெம்' என்று கேள்விச்சொல் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் 'யாரால், எதனால்'. 'கமூ' என்பது 'யாருக்கு'. 'ஸ் கெம்' என்பது 'யாரோடு'. சொல்லைக் குறிக்கும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறோம்.

தேதியில் வரும் பை தனி விவகாரம். 'பை 15 மே' என்பதைத் தமிழில் 'மே 15-க்குள்' என்போம், ரஷ்யனில் 'க் 15 மாயா'. எண்ணாக எழுதினால் விகுதி மறைந்திருக்கும், வாய்விட்டுப் படித்தால் 'பித்னாத்சத்தமு' என்று கொடை வேற்றுமை வெளியே வரும். மாதப்பெயர் எப்போதும் ஆறாம் வேற்றுமையில்தான். ஒப்பந்தத் தாளில் நாங்கள் இதையும் எழுதுவதில்லை. 'நெ பஸ்னேயெ 15 மாயா', அதாவது 15-ஐத் தாண்டாமல், என்று எழுதினால் அந்த நாள் சேருமா சேராதா என்ற வாக்குவாதமே வராது.

கடைசியில் ஒரு சரிபார்ப்பு, மாங்கூழ்த் தாள்களுக்குக் கட்டாயம். 'ப்யுரே', 'மாங்கோ' இரண்டும் ரஷ்யனில் விகுதியே ஏற்காத சொற்கள். எந்த வேற்றுமையிலும் அப்படியேதான் நிற்கும், தவறும் வெளியே தெரியாது. முன்னால் ஒரு பெயரடை சேர்ந்தால் அப்போதுதான் குட்டு உடையும். ஆகவே மாங்கோ இருக்கும் இடத்தில் பிளம்ஸ் பழமான 'ஸ்லீவா'வை வைத்துப் பார்க்கிறோம். அது ஒவ்வொரு வேற்றுமைக்கும் வேறு முகம் காட்டும்:

```
из сливы, к сливе, сливу, сливой
```

ஸ்லீவாவுக்கு எந்த விகுதி பொருந்துகிறதோ அந்த வேற்றுமையைத்தான் மாங்கோவைச் சார்ந்த பெயரடைக்கும் போட வேண்டும். பழுத்த மாம்பழக் கூழ் என்றால் 'இஸ் ஸ்பேலவ மாங்கோ'. பெயரடை மட்டும் 'ஸ்லீவா'வின் பெண்பால் விகுதியை வாங்காமல், மாங்கோவுக்குரிய அலிப்பால் ஆறாம் வேற்றுமையில் நிற்கும்.