ஒரே ஆல்பம், ஒரே நிறம்: ஆத்தங்குடியிலிருந்து தனுஷ்கோடி வரை ஒரு ப்ரீசெட்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பார்த்துவிட்டு அப்படியே பாம்பன் வழியாக தனுஷ்கோடி போய் வந்தோம். படங்கள் என் போனிலும் தங்கை போனிலும் பாதிப் பாதியாக இருந்தன. எல்லாவற்றையும் ஒரே ஆல்பத்தில் போட்டுப் பார்த்தபோது தனித்தனியாக எல்லாமே நல்ல படங்கள்தான், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் சேரவில்லை. முற்றத்துப் படம் மஞ்சளடித்து இருக்கிறது, அடுத்த படத்தில் அதே சுவர் நீலமாக இருக்கிறது, கடல் ஒரு போனில் பச்சை, இன்னொன்றில் கருநீலம். இந்த ஆல்பத்தை அச்சிட்டு அம்மாவிடம் கொடுக்க ஆசை. அதனால் லைட்ரூம் மொபைல் செயலியில் ஒரு ப்ரீசெட் செய்து, மொத்தப் படங்களையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவர உட்கார்ந்தேன்.

ப்ரீசெட்டில் படம் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. எந்த ஸ்லைடர் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்ற பட்டியல்தான் அது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் +0.50 என்று அதில் இருந்தால், போடுகிற ஒவ்வொரு படத்திலும் எக்ஸ்போஷர் +0.50-இல் போய் நிற்கும். ஏற்கெனவே நீங்கள் +1.00 வைத்திருந்தாலும் அது அழிந்துவிடும், கூட்டிக் கழித்துக்கொள்ளாது. பட்டியலில் இல்லாத ஸ்லைடரை அது தொடவே தொடாது. இந்தக் குணம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதைச் சோதிக்க, ஒரே எடிட்டை இரண்டு விதமாகச் சேமித்துப் பார்த்தேன். முதலாவதில் எல்லாக் கட்டங்களையும் டிக் செய்தேன். இரண்டாவதில் தோற்றத்துக்கு உரியவற்றை மட்டும். இருட்டான கூடத்தில் செய்த முதல் ப்ரீசெட்டை தனுஷ்கோடி மணல் படத்தில் போட்டதும் மணல் வெளுத்து விவரமே இல்லாமல் போனது. இரண்டாவது ப்ரீசெட்டில் மணல் மணலாகவே இருந்தது, நிறத்தின் சாயல் மட்டும் கூடத்துப் படத்தோடு ஒத்துப்போனது. அப்போதே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். வெளிச்சத்தையும், வெள்ளையை வெள்ளையாகவே காட்ட வைக்கிற ஒயிட் பேலன்ஸையும் சரிசெய்வது ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி வேலை. எல்லாப் படத்துக்கும் பொதுவான நிறச்சாயலைத் தருவது மட்டும் ப்ரீசெட்டின் வேலை.

தோற்றத்தை உருவாக்க, அழகான படத்தை எடுத்துக்கொள்ளாமல் சிக்கலான படத்தை எடுத்துக்கொள்வது நல்லது. நான் எடுத்தது கானாடுகாத்தான் வீட்டு வளவில் அம்மா தூணோரம் நிற்கிற படம். அதில் முகம் இருக்கிறது, பர்மாத் தேக்குத் தூண் இருக்கிறது, சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை, மேலே ஒரு துண்டு வானம் எல்லாமே இருக்கின்றன. பயணத்தின் எல்லா நிறங்களும் ஒரே படத்தில். கூடவே ஒரு கடற்கரைப் படத்தையும் மாலை வெயில் படத்தையும் சோதனைக்கு வைத்துக்கொண்டேன்.

செய்த மாற்றங்கள் குறைவுதான். இருட்டு, வெளிச்ச அளவுகளை ஒரு கோட்டை வளைத்து மாற்றுகிற டோன் கர்வில் கருப்பு முனையைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். நிழல்கள் கன்னங்கருப்பாக இல்லாமல் பழைய அச்சுப் படம் மாதிரி மென்மையாகின. ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றுகிற கலர் மிக்ஸில் நீலத்தின் ஹ்யூவை, அதாவது நிறச்சாய்வை, –10 வைத்ததும் இரண்டு போன்களின் வானமும் கடலும் ஒரே பக்கம் சாய்ந்தன. பச்சையின் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, –15 ஆக்கினேன், ஏனென்றால் தங்கையின் போன் செடிகொடிகளைக் கண்ணைக் குத்துகிற பச்சையாகக் காட்டுகிறது. கலர் கிரேடிங்கில் ஹைலைட்டுக்கு, அதாவது படத்தின் வெளிச்சமான பகுதிகளுக்கு, மிக லேசான மஞ்சள் சாயல் கொடுத்தேன். அவ்வளவுதான்.

அதிக நேரம் எடுத்தது ஆரஞ்சு. முதல் சுற்றுப் படங்களைப் பார்த்த தங்கை, "அக்கா, எல்லாம் நல்லா இருக்கு, ஆனா அம்மா முகம் மட்டும் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு?" என்றாள். முகம் சிவக்கிறதென்றால் ஆரஞ்சு சாச்சுரேஷனைக் குறை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். –25 வரை இறக்கினால் முகம் சரியாகிறது. ஆனால் தேக்குத் தூண் சாம்பல் பூத்த பழைய பலகை மாதிரி ஆகிவிடுகிறது. நம் தோலின் நிறம், மெருகேற்றிய தேக்கு, ஈர மணல் மூன்றும் செயலியின் கணக்கில் ஒரே ஆரஞ்சுப் பட்டைக்குள்தான் வருகின்றன. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கூடவே நகரும். அந்தத் தூண்கள் பளபளப்பு இழந்தால் செட்டிநாட்டு வீட்டைப் படமெடுத்து என்ன பயன்? அதனால் சாச்சுரேஷனை –6-இலேயே நிறுத்திவிட்டு, ஆரஞ்சின் வெளிச்ச அளவான லூமினன்ஸை +8 ஆக ஏற்றினேன். முகம் கொஞ்சம் வெளிச்சமானதும் சிவப்பு தானாக அடங்கித் தெரிந்தது, தேக்கின் நிறமும் போகவில்லை. மாநிறமும் கருப்புமான முகங்களுக்கு இந்த லூமினன்ஸை +10-க்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பேன். அதற்கு மேல் போனால் பவுடர் அப்பின மாதிரி ஆகி, முகத்தின் சொந்த நிறம் தொலைந்துவிடும்.

சேமிப்பது சுலபம். எடிட் திரையில் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு Create Preset கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். Light என்ற பகுதியை விரித்து டோன் கர்வை மட்டும் டிக் செய்தேன், எக்ஸ்போஷர், ஹைலைட்ஸ், ஷேடோஸ் எதையும் சேர்க்கவில்லை. Color பகுதியில் கலர் மிக்ஸும் கலர் கிரேடிங்கும் உண்டு, ஒயிட் பேலன்ஸ் கிடையாது. கிராப், ஜியோமெட்ரி, மாஸ்க் இவை அந்தந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்துபவை, அவற்றையும் விட்டுவிட்டேன். பெயர் 'செட்டிநாடு பகல்'. இந்தப் பயணத்துக்கென்று தனி குரூப் ஒன்றும் உருவாக்கி அதில் போட்டேன், இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் எது எதற்கென்று தேட வேண்டிவரும்.

அதன்பின் ஒவ்வொரு படமாகத் திறந்து முதலில் ஒயிட் பேலன்ஸ். இதில்தான் ஆல்பம் சேருவதும் சேராமல் போவதும் இருக்கிறது, ப்ரீசெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடிப்படை நிறம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் ஒன்றும் நடக்காது. Color பகுதியில் இருக்கிற டிராப்பரை எடுத்து, படத்தில் நிறமில்லாத வெள்ளை அல்லது சாம்பல் இடத்தில் வைக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுச் சுவர் இதற்கு அருமையாக உதவுகிறது. ஆனால் சுவரின் எந்த இடம் என்பது முக்கியம். அந்தச் சுவர்கள் வழவழவென்று மின்னுபவை, கீழ்ப்பாகத்தில் ஆத்தங்குடித் தரையின் சிவப்பு ஏறியிருக்கும். கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். அங்கே டிராப்பரை வைத்தால் செயலி அந்தச் சிவப்பை நீக்கப் பார்க்கும், மொத்தப் படமும் நீலப்பச்சையாகச் சாய்ந்துவிடும். தரையிலிருந்து தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில், முற்றத்து வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தால் நிறம் சரியாக நிற்கிறது. வெள்ளையே இல்லாத படத்தில், அதே இடத்தில் எடுத்த பக்கத்துப் படத்தின் டெம்ப், டின்ட் எண்களைப் பார்த்து அப்படியே வைத்தேன். அதே போன், அதே வெளிச்சம் என்றால் மட்டும்தான் இது பொருந்தும்.

அந்தி வானத்துக்கு டிராப்பர் பக்கமே போகக் கூடாது. அதன் மஞ்சளையும் சிவப்பையும் பிழை என்று நினைத்து எடுத்துவிடும். அந்தப் படங்களை எடுத்தபடியே விட்டு ப்ரீசெட்டை மட்டும் போட்டேன்.

ஒயிட் பேலன்ஸுக்கு அடுத்து எக்ஸ்போஷர். 1964 டிசம்பர் புயலில் இடிந்து நிற்கிற தனுஷ்கோடி தேவாலயத்தின் முன் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு படி இருட்டாக இருந்தன. சுற்றிலும் வெள்ளை மணல், மேலே வெள்ளை வானம். இவ்வளவு வெளிச்சமா என்று கேமரா தானாகவே குறைத்துக்கொள்ளும். இந்தப் படங்களுக்கு +0.40 முதல் +0.70 வரை தேவைப்பட்டது. படத்தின் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்து வைத்து, மேடு வலது சுவரில் முட்டுவதற்குச் சற்று முன்பு நிறுத்தினேன். பிறகு ப்ரீசெட். செயலியைப் பொறுத்தவரை எதை முதலில் செய்தாலும் முடிவு ஒன்றுதான். ஆனால் நிறம் ஏறிய படத்தில் ஒயிட் பேலன்ஸ் சரியா தப்பா என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், அதற்காகத்தான் இந்த வரிசை.

வானத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொண்டேன். போன் கேமராவின் ஜேபெக் படத்தில் நிறத்தை இழுக்க அதிகம் இடமில்லை. நீலத்தை –30 வரை தள்ளிப் பார்த்தபோது, பாம்பன் சாலைப் பாலத்தின் கைப்பிடியை ஒட்டி வெளிறிய கோடு ஒன்று ஓடியது, வானமும் படிப்படியாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தது. சிறிய திரையில் தெரியாத இது அச்சில் நிச்சயம் தெரியும். –10-இல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

பாதி ஆல்பம் முடிந்த பிறகு பச்சையை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்று தோன்றியது. ப்ரீசெட்டைப் புதிய எண்ணோடு புதுப்பித்தேன். ஏற்கெனவே முடித்த படங்கள் அப்படியேதான் இருந்தன. போட்ட நேரத்தில் எண்கள் படத்துக்குள் போய்விடுகின்றன, அதற்குப் பிறகு ப்ரீசெட்டுக்கும் படத்துக்கும் தொடர்பில்லை. புதிய எண்கள் வேண்டுமென்றால் பழைய படங்களில் மறுபடி போட வேண்டும். எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் ப்ரீசெட்டில் இல்லாததால் மறுபடி போடுவதில் எந்த உழைப்பும் வீணாகவில்லை.

எல்லாம் முடிந்ததும் கிரிட் காட்சியில் படங்களைச் சிறிதாக்கி, ஒரு திரையில் நிறையப் படங்கள் வருகிற மாதிரி வைத்துப் பார்த்தேன். பெரிதாகப் பார்க்கும்போது தப்பிக்கிற படம் இங்கே உடனே துருத்திக்கொண்டு நிற்கும். போனில் கண் பாதுகாப்பு மோடையும் தானியங்கி பிரைட்னஸையும் அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் திரையின் மஞ்சளைப் படத்தின் மஞ்சள் என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருப்போம்.

இரண்டு வகைப் படங்கள் மட்டும் 'செட்டிநாடு பகல்' ப்ரீசெட்டுக்குள் அடங்கவில்லை. இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தவற்றில் ஹைலைட் மஞ்சள் சாயல் கூடுதலாகிவிட்டது. டோன் கர்வை அப்படியே வைத்து, கலர் கிரேடிங்கை மட்டும் எடுத்துவிட்டு 'செட்டிநாடு இரவு' என்று இன்னொன்று சேமித்தேன். கர்வ் ஒன்றாக இருப்பதால் நிழல்களின் மென்மை ஒத்துப்போகிறது, இரவும் பகலும் ஒரே குடும்பமாகத் தெரிகின்றன. இன்னொன்று, சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள். சுருக்கப்பட்டு வருவதால் அவை நிற மாற்றத்தை அதிகம் தாங்குவதில்லை, பச்சையிலும் நீலத்திலும் உடனே திட்டுத் திட்டாகிவிடுகின்றன. அவற்றுக்கு ப்ரீசெட்டைப் போட்டுவிட்டு அதன் வீரியத்தைக் கட்டுப்படுத்துகிற Amount ஸ்லைடரை 60 அளவில் இறக்கி வைத்தேன். மூலப் படங்களை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இவற்றை எடுத்துவிட்டு அவற்றைச் சேர்த்து, பிறகுதான் அச்சுக்கு அனுப்பப் போகிறேன்.