பஃபேயில் அடுத்த தட்டை எப்போது கேட்பது?

ஹோட்டலில் கருத்தரங்கு மதிய உணவுகளைக் கவனிக்கும் பணியில் நான் முதலில் கற்றது, சேஃபிங் டிஷ் உணவைச் சூடாக்கும் பாத்திரம் அல்ல, சூட்டைத் தக்கவைக்கும் பாத்திரம் மட்டுமே என்பதாகும். அடித்தட்டில் கொதிநீரை ஊற்றி, ஜெல் பர்னரை விருந்தினர் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏற்றிவிட வேண்டும். கிரேவி சமையலறையிலிருந்தே 80 டிகிரி அளவில் வந்தால்தான் மூடி அடிக்கடி திறக்கப்பட்டாலும் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நிற்கும். வெப்பமானியை ஓரத்தில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். தட்டின் நடுவில், கிரேவியைக் கிளறிவிட்டு அளக்க வேண்டும். ஓரத்தில் ஆடை படிந்து எண்ணெய் தனியாகப் பிரிந்தாலோ, அடியிலிருந்து தீய்ந்த வாசனை எழுந்தாலோ, கீழே தண்ணீர் வற்றிவிட்டதா என்று உடனே பார்ப்பேன்.

நிரப்பும் நேரத்தைப் பற்றி, மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது அடுத்த தட்டைக் கேட்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 120 பேருக்கான ஒரு விருந்தில் பனீர் கிரேவியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 கிராம் என்றால் 12 கிலோ, இரண்டாம் முறை எடுப்பவர்களுக்கு இரண்டு கிலோ, ஆக 14 கிலோ. கருத்தரங்கு முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் முதல் இருபது நிமிடத்தில் எண்பது பேர், அதாவது நிமிடத்துக்கு நான்கு பேர் கிரேவி எடுக்கிறார்கள். சமையலறையிலிருந்து தட்டு வந்து சேர ஏழு நிமிடம் ஆனால், அதற்குள் 2.8 கிலோ போய்விடும். ஆறு கிலோ வைத்த தட்டில் பாதி இருக்கும்போதே ஆள் அனுப்பியாக வேண்டும். கூட்டம் குறைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று ஆனபின், ஒரு கிலோ மிஞ்சும்வரை பொறுத்திருக்கலாம். அப்போது பெரிய தட்டை எடுத்துவிட்டு அரைத்தட்டில் இரண்டு கிலோ வைத்தால் பார்வைக்கும் நிறைவாக இருக்கும், சூடும் நிற்கும்.

பழைய கிரேவியின் மேல் புதியதை ஊற்றுவதை நான் அனுமதிப்பதில்லை. தட்டையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடியில் இருப்பது எத்தனை நேரமாக அங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மீதத்தைக் குறைக்கும் வேலை சமையலறையில்தான் நடக்கிறது. விருந்தினர் முன் வைக்கப்பட்டதை மறுநாள் பரிமாற முடியாது என்பதால், கிரேவி மசாலாவை முழுதாகச் செய்து வைத்து, பனீரையும் கிரீமையும் தவணை தவணையாகச் சேர்க்கச் சொல்வேன். கடைசித் தவணை தேவைப்படாவிட்டால், வெளியே வராத மசாலாவை அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி விரைவாக ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம்.

பற்றாக்குறை வருவது பெரும்பாலும் உச்ச நேரத்தில் அல்ல, கடைசிப் பதினைந்து நிமிடத்தில், ஏற்பாட்டாளர்களும் ஓட்டுநர்களும் ஒன்றாகச் சாப்பிட வரும்போதுதான். அவர்கள் எத்தனை பேர், அந்த 120இல் அடங்கியவர்களா என்பதை நான் காலையிலேயே கேட்டு, அவர்களுக்கான கடைசித் தவணையை அடுப்பில் ஏற்றும் நேரத்தைச் சமையற்காரரிடம் சொல்லிவிடுவேன்.