கடன்பத்திரத்தின் ஹொரைசன் வருவாயை மூன்றாகப் பிரித்துக் கணக்கிடுதல்

நிலையான வருமானப் பாடத்துக்குத் தேர்வு எழுதியபோது, ஹொரைசன் வருவாய்க் கேள்விகளில் சூத்திரத்தைவிட எனக்கு அதிகம் உதவியது, ஒரே கடன்பத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஈல்டை, அதாவது சந்தை அந்தப் பத்திரத்தில் எதிர்பார்க்கும் ஆண்டு வருவாய் வீதத்தை, மட்டும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்ததுதான். ஹொரைசன் வருவாய் என்பது பத்திரத்தைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து விற்பவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய்; கூப்பன் எனும் வட்டித் தொகை, அதை மறுமுதலீடு செய்து வரும் வருமானம், விலை மாற்றம் ஆகியவையே அதன் மூன்று பகுதிகள். அந்த முறையை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறேன்.

முகமதிப்பு 1000, ஆண்டுக்கு ஒருமுறை 6% கூப்பன், முதிர்வுக்கு 8 ஆண்டுகள், வாங்கும்போது ஈல்டு 8% என்று வைத்துக்கொள்வோம். விலை 885.07 ஆகும். இதை வாங்கியவர் முதிர்வு வரை காத்திராமல் 5 ஆண்டுகளின் முடிவில் விற்றுவிடுகிறார்.

முதலில் ஈல்டு 8 சதவீதத்திலேயே நிற்கிறது என்று கொள்வோம். ஐந்து கூப்பன்கள் சேர்ந்து 300. முதல் கூப்பன் நான்கு ஆண்டுகளுக்கு வட்டி ஈட்டும். விற்கும் நாளில் கைக்கு வரும் ஐந்தாவது கூப்பனுக்கு வட்டியே கிடையாது. எல்லாவற்றையும் 8 சதவீதத்தில் மறுமுதலீடு செய்தால் மொத்தம் 352.00 ஆகும், அதில் 300 போக மீதி 52.00தான் மறுமுதலீட்டு வருமானம். இங்கே கூப்பன் வீதமான 6 சதவீதத்தைப் பயன்படுத்தத் தோன்றும். ஆனால் மறுமுதலீடு சந்தை வீதத்தில்தான் நடக்கும். ஐந்தாம் ஆண்டின் இறுதியில் முதிர்வுக்கு 3 ஆண்டுகள் மீதமிருக்கும் பத்திரத்தின் விலை 948.46, அதாவது விலை மாற்றம் 63.39. கையில் சேரும் மொத்தத் தொகை 1300.46; அதை 885.07ஆல் வகுத்து ஐந்தாம் மூலம் எடுத்தால் ஆண்டு வருவாய் சரியாக 8% வரும். ஈல்டு மாறாத நிலையில் இந்த விடை தொடக்க ஈல்டோடு ஒத்துப்போகாவிட்டால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். தேர்வு அறையில் இதைவிட விரைவான சரிபார்ப்பு இல்லை.

இனி, வாங்கிய உடனேயே, முதல் கூப்பன் வருவதற்கு முன்பே, ஈல்டு 9 சதவீதத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது என்று கொள்வோம். கூப்பன்கள் அதே 300. மறுமுதலீட்டு வருமானம் 59.08 ஆக உயர்கிறது. விற்பனை விலை 924.06 ஆகக் குறைகிறது. மொத்தம் 1283.14; ஆண்டு வருவாய் சுமார் 7.71%.

இந்த இடத்தில்தான் சற்று நின்று யோசிக்க வேண்டும். 885.07க்கு வாங்கி 924.06க்கு விற்றதால் 38.99 லாபம் என்று எழுதத் தோன்றும்; ஆனால் ஈல்டு ஏறிய பிறகு பத்திரத்தில் லாபம் எப்படி வரும்? தள்ளுபடியில் வாங்கிய பத்திரத்தின் விலை, ஈல்டு மாறாவிட்டாலும், முதிர்வை நோக்கி முகமதிப்பு வரை படிப்படியாக ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்றம் ஐந்து ஆண்டுகளில் 63.39 என்று மேலே பார்த்தோம். அது தொடக்க ஈல்டுக்குள்ளேயே அடங்கிய வருவாய். ஆகவே மூலதன லாப நட்டத்தை வாங்கிய விலையோடு ஒப்பிடாமல், ஈல்டு மாறாதிருந்தால் அன்று இருந்திருக்கும் 948.46 என்ற விலையோடு ஒப்பிட வேண்டும். அப்போது 24.40 நட்டம் தெரியவரும். மறுமுதலீட்டில் கூடுதலாகக் கிடைத்த 7.08 அதில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுகட்டுகிறது, மீதி 17.32தான் மொத்தத் தொகையில் விழுந்த குறை. தேர்வாளர்கள் விரும்பிக் கேட்பது இந்தப் பிரிப்பைத்தான் என்பது என் கருத்து.

ஈல்டு 7 சதவீதத்துக்கு இறங்கினால் எல்லாம் தலைகீழாகும்: மறுமுதலீட்டு வருமானம் 45.04 ஆகச் சுருங்கும், விலை 973.76 ஆக ஏறும், ஆண்டு வருவாய் சுமார் 8.30% ஆகும்.

இரண்டு நிலைகளிலும் விலையின் விளைவு மறுமுதலீட்டின் விளைவை மிஞ்சியதற்குக் காரணம் வைத்திருக்கும் காலம்தான். இந்தப் பத்திரத்தின் மெக்காலே டியூரேஷன், அதாவது அதன் பணவரவுகள் கைக்கு வர ஆகும் எடையிட்ட சராசரிக் காலம், சுமார் 6.48 ஆண்டுகள்; நாம் விற்பது அதற்கு முன்பே, ஐந்தாம் ஆண்டில். கூப்பன்களுக்கு வட்டி சேர அவகாசம் குறைவு, பத்திரத்துக்கோ முதிர்வு இன்னும் தூரம். அதே பத்திரத்தை டியூரேஷனைத் தாண்டி 7 ஆண்டுகள் வைத்திருந்து, ஈல்டு 9 சதவீதத்தில் நின்றால், கூப்பன்கள் வட்டியோடு 552.03 ஆகும், விற்பனை விலை 972.48 ஆகும், ஆண்டு வருவாய் சுமார் 8.08 சதவீதமாக, தொடக்க ஈல்டுக்குச் சற்று மேலேயே இருக்கும். இது ஈல்டு ஒரேயொரு முறை, அதுவும் தொடக்கத்திலேயே மாறுகிறது என்ற அனுமானத்தில் பெற்ற விடை. நான்காம் ஆண்டில் மாறினால், அதற்கு முன் வந்த கூப்பன்கள் அதுவரை பழைய வீதத்திலேயே வட்டி ஈட்டியிருக்கும் என்பதால், மறுமுதலீட்டை இரண்டு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும்.